கறுப்பின் மேல் சிவப்பு வேண்டாம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. அந்தக் கறுத்த தண்ணீரைத் தம்ப்நெயிலாக வைத்து, மேலே சிவப்பில் 'மீனவர்கள் எச்சரிக்கை' என்று எழுதினால், எச்சரிக்கை சிலரின் கண்ணுக்கே எட்டாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணைய அணுகல் விதிப்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5 இருந்தால் போதும். சுத்தமான சிவப்புக்கும் கறுப்புக்கும் 5.25 வருகிறது. சோதனையில் பாஸ்! ஆனால் அந்தக் கணக்கு சாதாரணக் கண்ணை வைத்துப் போட்டது. நிறக்குருட்டில் ஒரு வகையினருக்குச் சிவப்பை உணரும் செல்களே கிடையாது. அவர்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய கறுப்புதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தாலும் இந்தக் குறை தெரியாது.

கணினியில் குரோமில் படத்தைத் திறந்து F12 அழுத்துங்கள். More tools, Rendering போய், Emulate vision deficiencies என்பதில் Protanopia தேர்ந்தெடுங்கள். படத்தை விரலளவுக்குச் சுருக்குங்கள். எழுத்து மங்கினால் மாற்றுங்கள். கறுப்பின் மேல் மஞ்சளுக்கு 19.5 கிடைக்கும். சிவப்புதான் வேண்டுமென்றால், எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளை விளிம்பு கொடுங்கள்.

எச்சரிக்கைக்குச் சிவப்பு என்பது பழக்கம். படிக்க முடியாத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?