எழுதாத பூஜ்ஜியங்கள்

கொல்கத்தாவின் வடக்கே, பராநகரில் பி.டி. ரோட்டின் மேல் இருக்கிறது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1931-இல் மகலனோபிஸ் தொடங்கியது. 2008-இல் அங்கிருந்து 'ஃபயர்' என்ற முயற்சி கிளம்பியது. இந்திய மொழிகளில் தேடும் நிரல்களை ஒரே அளவுகோலில் சோதித்துப் பார்ப்பது அதன் நோக்கம். சோதிக்க வேண்டுமென்றால் தேடுவதற்கு எழுத்து வேண்டும். வங்கமொழிக்காக ஆனந்தபஜார் பத்திரிகாவில் 2004 முதல் 2007 வரை வந்த செய்திகளைத் திரட்டினார்கள். ஏறத்தாழ 1,23,000 செய்திகள்.

இந்தத் தொகுப்பைக் கணினியில் எப்படி வைப்பது என்பதைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன்.

தேடலுக்கான பழைய வழி ஓர் அட்டவணை. செய்திக்கு ஒரு வரிசை, சொல்லுக்கு ஒரு நெடுவரிசை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், அந்தச் சொல் அந்தச் செய்தியில் எத்தனை முறை வந்தது என்ற எண். தொகுப்பில் 5,00,000 வெவ்வேறு சொல்வடிவங்கள் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1,23,000 வரிசையை அதனால் பெருக்கினால் 6,150 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்றாலும் 246 ஜிபி நினைவகம் வேண்டும். சாதாரண மேசைக் கணினி தாங்காது.

ஆனால் ஒரு செய்தியில் வெவ்வேறு சொற்கள் எத்தனை இருக்கும்? சராசரியாக 150 என்று கொள்ளுங்கள். அப்படியானால் வரிசைக்கு 5,00,000 கட்டங்களில் 150 மட்டுமே நிரம்பியவை. மீதி எல்லாம் பூஜ்ஜியம். இப்படிப் பெரும்பாலும் பூஜ்ஜியமாகவே இருக்கும் அணிதான் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ். வகுப்பாசிரியர் கரும்பலகையில் வராதவர்களின் எண்களை மட்டும் எழுதிவைப்பார். மற்ற எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்பது எழுதாமலே விளங்கும். இங்கும் அதே முறைதான். நிரம்பிய கட்டங்களை மட்டும் எழுதுகிறோம்.

எழுதும் விதத்தைச் சின்ன அளவில் பார்க்கலாம். மூன்று செய்திகள், ஆறு சொற்கள். கொல்கத்தா, மழை, மெட்ரோ, தேர்தல், கால்பந்து, விலை என்ற சொற்களுக்கு முறையே 0 முதல் 5 வரை எண். முதல் செய்தியில் மழை 3 முறை, மெட்ரோ ஒரு முறை. இரண்டாவதில் கொல்கத்தா ஒரு முறை, கால்பந்து 4 முறை. மூன்றாவதில் விலை 2 முறை. இதை மூன்று பட்டியல்களாக வைப்பார்கள்.

```
data    = [3, 1, 1, 4, 2]
indices = [1, 2, 0, 4, 5]
indptr  = [0, 2, 4, 5]
```

முதல் பட்டியலில் எண்ணிக்கைகள். இரண்டாவதில் ஒவ்வொன்றும் எந்தச் சொல்லுடையது என்ற எண். மூன்றாவது, ஒவ்வொரு செய்தியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும். இரண்டாவது செய்தி வேண்டுமா? 2-இல் தொடங்கி 4-க்கு முன் நிறுத்துங்கள். கொல்கத்தா 1, கால்பந்து 4 என்று கிடைத்துவிடும். இதற்கு சிஎஸ்ஆர் என்று பெயர். நம் கொல்கத்தாக் கணக்கில் நிரம்பிய கட்டங்கள் 1 கோடியே 84.5 லட்சம். எண்ணிக்கைக்கு 4 பைட், சொல்லின் எண்ணுக்கு 4 பைட். மூன்றாவது பட்டியலையும் சேர்த்தால் 150 எம்பிக்குள் அடங்கிவிடும். 246 ஜிபி கேட்ட அட்டவணை இது.

இந்த அமைப்பில் செய்தியை எடுப்பது எளிது, சொல்லை எடுப்பது கடினம். 'மழை' எந்தெந்தச் செய்திகளில் வருகிறது என்று கேட்டால், ஒன்றே முக்கால் கோடிக்கும் மேலான எண்களைத் துழாவ வேண்டும். அதே தகவலை நெடுவரிசை வாரியாக அடுக்கிவிட்டால் அந்தச் சொல்லின் பட்டியல் ஒரே இடத்தில் கிடைக்கும். அது சிஎஸ்சி. தேடுபொறிகள் வைத்திருக்கும் தலைகீழ்ச் சொல்லடைவும் அடிப்படையில் இதுவே. இந்தச் செய்தியைப் போன்ற மற்றவை எவை என்பதற்கு வரிசை அடுக்கு, இந்தச் சொல் எங்கே என்பதற்கு நெடுவரிசை அடுக்கு.

கொல்கத்தா ஆய்வாளர்கள் செய்த இன்னொரு வேலையும் இங்கே பொருந்துகிறது. தமிழைப் போலவே வங்கமொழியிலும் சொல்லோடு விகுதி ஒட்டிக்கொள்ளும். 'கொல்கத்தாய்' என்றால் கொல்கத்தாவில், 'கொல்கத்தார்' என்றால் கொல்கத்தாவின். ஒவ்வொன்றும் தனி நெடுவரிசையாகிவிடுகிறது. இலக்கண விதி எதையும் எழுதித் தராமல், எழுத்துகளின் ஒற்றுமையை மட்டும் அளந்து இவற்றை ஒரே குழுவாக்கும் 'யாஸ்' என்ற முறையை பிரசென்ஜித் மஜும்தார், மந்தார் மித்ரா ஆகியோர் தங்கள் சகாக்களோடு 2007-இல் வெளியிட்டார்கள். இதனால் நினைவகம் மிச்சமாகும் என்று தோன்றலாம். பெரிதாக ஆகாது. சிஎஸ்ஆரில் நெடுவரிசைகளின் எண்ணிக்கைக்குச் செலவே இல்லை. நிரம்பிய கட்டங்களுக்குத்தான் செலவு. ஒரே செய்தியில் இரண்டு வடிவங்களும் வந்தால் மட்டுமே ஒரு கட்டம் குறையும். ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது: ஒரு வடிவத்தைத் தேடுபவருக்கு மற்ற வடிவமுள்ள செய்தியும் கிடைக்கிறது. தமிழ்த் தொகுப்புக்கும் இதே நியாயம்தான்.

இதுவரை பார்த்த பூஜ்ஜியம் நமக்கு நன்றாகத் தெரிந்த செய்தி: அந்தச் சொல் அங்கே வரவில்லை. மதிப்பெண் அட்டவணைக்குப் போனால் அதே வெற்றிடத்தின் பொருள் மாறிவிடுகிறது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மூவிலென்ஸ் தொகுப்பில் 943 பேர் 1,682 படங்களுக்கு 1,00,000 மதிப்பெண்கள் தந்திருக்கிறார்கள். மதிப்பெண் 1 முதல் 5 வரை. கட்டங்களில் 6.3 சதவீதமே நிரம்பியவை. மீதியில் இருப்பது பிடிக்கவில்லை என்ற தீர்ப்பு அல்ல. அந்தப் படத்துக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. 20 படங்களுக்கு சராசரி 4 தந்த ஒருவரின் வரிசையை வெற்றிடங்களையும் பூஜ்ஜியமாக எண்ணிச் சராசரி எடுத்தால் 0.05-க்கும் கீழே போய்விடும். எழுதப்பட்ட மதிப்பெண்களால் மட்டுமே வகுக்க வேண்டும்.

அடுத்த படியில் இன்னும் நுட்பமான ஆபத்து இருக்கிறது. சிலர் தாராளமாகத் தருவார்கள், சிலர் கறாராக. அதைச் சமன்செய்ய ஒவ்வொருவரின் சராசரியை அவரவர் மதிப்பெண்ணிலிருந்து கழிப்பது வழக்கம். எல்லாக் கட்டங்களிலும் கழித்தால் வெற்றிடங்களெல்லாம் எண்களாகி நினைவகம் வெடிக்கும். அது உடனே தெரிந்துவிடும். எழுதப்பட்ட கட்டங்களில் மட்டும் கழிப்பதே சரி. ஆனால் ஒருவர் 3, 5, 4 என்று தந்திருந்தால் சராசரி 4. கழித்தபின் -1, 1, 0. மூன்றாவது படத்தைப் பற்றி அவர் சொன்ன கருத்து இப்போது பூஜ்ஜியம். பைத்தானின் ஸைபை நூலகம் அதை எழுதப்பட்ட பூஜ்ஜியமாகவே காப்பாற்றி வைத்திருக்கும். யாராவது சுத்தம் செய்வதாக நினைத்து `eliminate_zeros()` என்று அழைத்தால் அது போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பார்த்து, நடுநிலையாக மதிப்பிட்டவர், ஒன்றும் சொல்லாதவர்களின் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு படிக்குப் பிறகும் `nnz` என்ன என்று பாருங்கள். பெயர் எப்படி இருந்தாலும், அது எழுதப்பட்ட கட்டங்களைத்தான் எண்ணுகிறது, பூஜ்ஜியம் எழுதப்பட்டிருந்தாலும் சேர்த்து. மூவிலென்ஸில் தொடக்கத்தில் 1,00,000 என்றால் சராசரி கழித்த பின்னும் 1,00,000 இருந்தாக வேண்டும். குறைந்தால் யாரோ சொன்ன கருத்து தொலைந்திருக்கிறது. கூடினால் யாரும் சொல்லாத கருத்து நுழைந்திருக்கிறது.