மெனுவில் சிமிட்டினால் மானிட்டர் பழுதா?

கேமின் மெனுவிலும் லோடிங் திரையிலும் வெளிச்சம் துடித்தால், "பேனல் பழுது, மாற்றி வாங்கு" என்பதுதான் பலரும் சொல்லும் தீர்ப்பு. விஏ, ஓலெட் பேனல்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. அதே மாடலில் இன்னொன்று வாங்கினாலும் அதுவும் சிமிட்டவே வாய்ப்பு அதிகம்.

சிமிட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் விஆர்ஆர், அதாவது கேம் தரும் ஃபிரேம்களின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் வசதி. வேகம் குறையும்போது ஒவ்வொரு பிக்சலும் தன் மின்னூட்டத்தைக் கூடுதல் நேரம் தக்கவைக்க வேண்டும். அதற்குள் சிறிது கசிந்துவிடுவதால் வெளிச்சம் இம்மியளவு மாறுகிறது. வேகம் சீராக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. லோடிங் திரையில் ஃபிரேம்கள் தேங்கித் தேங்கி வருகின்றன. பின்னணியோ பரந்த அடர்சாம்பல். அந்த நிறத்தில்தான் சிறு மாற்றமும் பளிச்சென்று தெரியும்.

"கேபிளை மாற்று" என்பது அடுத்த யோசனை. விஆர்ஆரை மட்டும் அணைத்து, அதே லோடிங் திரையைப் பாருங்கள். சிமிட்டல் நின்றால் கேபிள்மீது பழியில்லை.

"ஃபிரேம் வேகத்துக்கு வரம்பு வைத்தால் போதும்" என்பது பாதி உண்மை. மெனுவில் கட்டுப்பாடின்றி ஏறி இறங்கும் வேகத்தை 60இல் நிறுத்தினால் அங்கே அடங்கும். லோடிங்கில் வேகம் வரம்புக்குக் கீழே சரிவதால் வரம்புக்கு வேலையே இல்லை. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை இயங்கும் மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 48 ஃபிரேம் வரும்போது திரை 48 ஹெர்ட்ஸில் ஓடும். 47 ஆனதும் ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை காட்டப்பட்டு, திரை 94க்குத் தாவும். இந்த எல்லையில் மாறி மாறித் தாவுவதுதான் மோசமான சிமிட்டல்.

சிஆர்யூ என்ற இலவச மென்பொருளில் கீழ் எல்லையை 48லிருந்து 65 ஆக்கலாம். பிக்சல் காத்திருக்கும் அதிகபட்ச நேரம் ஏறத்தாழ 21 மில்லிவினாடியிலிருந்து 15 ஆகக் குறையும். துடிப்பும் தணியும், முழுக்க மறையாது. மேல் எல்லை கீழ் எல்லையைவிட இருமடங்குக்குச் சற்று மேலாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் இரட்டிப்பு சரியாக வேலை செய்யாது. சில மானிட்டர்கள் இந்த மாற்றத்தை ஏற்பதில்லை.

"அப்படியானால் விஆர்ஆரையே அணைத்துவிடு" என்பதை நான் ஏற்கமாட்டேன். விளையாட்டின் நடுவே படம் கிழியாமல் காப்பது அதுதான். என்விடியா கன்ட்ரோல் பேனலில், தொல்லை தரும் அந்த ஒரு கேமுக்கு மட்டும் Monitor Technology என்பதில் Fixed Refresh தேர்ந்தெடுத்தால் போதும். மற்ற கேம்களுக்கு விஆர்ஆர் அப்படியே இருக்கும்.

விஆர்ஆரை அணைத்த பிறகும் சிமிட்டினால் மட்டும் கேபிளையும் மானிட்டரையும் சந்தேகியுங்கள். கடைக்காரரிடம் போக அதுவே சரியான காரணம்.