பொட்டாசியம் பார்க்காமல் இந்த மாத்திரை வேண்டாம்

கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு தினமும் 25 மில்லிகிராம் ஸ்பைரனோலாக்டோனும் கொடுத்தால் இறப்பு 30 சதவீதம் குறைகிறது என்று 1999-இல் ‘ரேல்ஸ்’ ஆய்வு காட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் அந்த மாத்திரையை வேகமாக எழுதத் தொடங்கினார்கள். விளைவு 2004-இல் வெளியான கணக்கில் தெரிந்தது. முதிய இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ரத்தப் பொட்டாசியம் எகிறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். அந்த ஏற்றத்தோடு தொடர்புடைய இறப்பும் பல மடங்கு கூடியிருந்தது.

மருந்தில் கோளாறு இல்லை. பொட்டாசியம் 5-க்கு மேல் இருந்தவர்களையும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களையும் ஆய்வு சேர்த்துக்கொள்ளவே இல்லை. சேர்த்தவர்களுக்கு அடிக்கடி ரத்தம் பார்த்தது. வெளியே மாத்திரை மட்டும் பரவியது, அந்தக் கண்காணிப்பு பரவவில்லை.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? அட்ரினல் சுரப்பி தரும் ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகத்தில் ஓர் ஏற்பியில் அமர்ந்து உப்பை உடலில் நிறுத்துகிறது, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. அடிசன் நோயில் சுரப்பியே அழிந்துபோவதால் உப்பு வீணாகி, ரத்த அழுத்தம் விழுந்து, பொட்டாசியம் ஏறுகிறது. அந்த நோயாளிகளுக்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் அதே ஏற்பியில் அமர்ந்து விட்டுப்போன வேலையைச் செய்கிறது. பெரும்பாலோருக்குத் தினம் 0.1 மில்லிகிராம் அளவே போதும். அளவு மிஞ்சினால் கால் வீங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

ஸ்பைரனோலாக்டோன் அந்த ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. அட்ரினல் ஹார்மோன்களை எதிர்க்கும் மருந்துகள் என்று மெடிரபோன், கீட்டோகோனசோல் ஆகியவற்றோடு இதையும் ஒரே பட்டியலில் வைப்பது வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. அவை கார்ட்டிசால் உற்பத்தியையே தடுப்பவை. ஸ்பைரனோலாக்டோன் உட்கொள்பவரின் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் குறைவதில்லை, கூடவே செய்யும். உட்கார இடம்தான் இல்லை. ஆகவே பொட்டாசியம் வெளியேறும் வழி அடைபடுகிறது. எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும் அதே வழியை வேறு இடத்தில் குறுக்குபவை. இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

பொட்டாசியம் ஏற்றம் பெரும்பாலும் வலி, காய்ச்சல் என எதையும் காட்டாது. சிலருக்குத் தசை தளரும். சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதே முதல் அறிகுறி. ரத்தப் பரிசோதனைதான் முன்கூட்டிச் சொல்லும். தொடங்குமுன் பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டையும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை. பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்குவதும் 6-ஐத் தாண்டினால் நிறுத்துவதும் நடைமுறை.

வயிற்றுப்போக்கு வந்து உடல் வற்றினால் சிறுநீரகம் தளர்ந்து, அதே மாத்திரை திடீரென்று அதிகமாகிவிடும். அப்போது இளநீர் குடிப்பது நம் வழக்கம். அதிலும் பொட்டாசியம் நிறைய. ‘லோ சோடியம்’ உப்பிலோ சோடியத்துக்குப் பதில் கலந்திருப்பதே பொட்டாசியம் குளோரைடு. மருந்துச் சீட்டில் இந்த மாத்திரை இருந்தால், அடுத்த பொட்டாசியம் பரிசோதனை எந்தத் தேதியில் என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள்.