மழையும் பூட்டும்

எழுதத் தொடங்கியவர் பாதியில் தயங்கி நின்றால், "நன்றாகச் சிந்தித்து எழுது" என்று கூறுவது வழக்கம். இவ்வறிவுரையால் பயன் குறைவு. அவர் சிந்திக்காமல் இல்லை. அவரது சிந்தனை பழகிய தடத்திலேயே சுற்றிச்சுற்றி வருகிறது. அத்தடத்தினின்று விலகத் தலைப்போடு சிறிதும் தொடர்பில்லாத ஒரு சொல்லே உதவும்.

இத்தாலி நாட்டுச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர் ஜானி ரொதாரி, 1973இல் வெளிவந்த 'கற்பனையின் இலக்கணம்' என்னும் பொருளுடைய தம் நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். கரும்பலகையின் ஒருபுறம் ஒரு மாணவர் ஒரு சொல்லை எழுதுவார். அதைக் காணாமலேயே மற்றொருவர் மறுபுறம் வேறொரு சொல்லை எழுதுவார். நாய், அலமாரி என்பவை அவர் காட்டும் சொற்கள். அவர் மொழியில் இவ்விரண்டையும் இணைப்பவை பெயருக்கு முன்வரும் சிறுசொற்கள். தமிழில் அப்பணியை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. அலமாரியில் நாய், நாய்க்கு அலமாரி, நாயினது அலமாரி என உருபு மாறுந்தோறும் புதிய கதை பிறக்கிறது. தேர்வுக்காக மட்டுமே உருபுகளை மனப்பாடம் செய்வோர் இப்பயனை அறிவதில்லை.

தில்லியில் பயிலும் மாணவி ஒருத்தி 'மழைநாள்' பற்றி எழுதுவதாகக் கொள்வோம். "வானம் இருண்டது, மழை கொட்டியது" என்பதோடு எழுத்து நின்றுவிட்டது. அவள் கண்ணை மூடி அகராதியைத் திறந்து விரல் வைக்கிறாள். 'பூட்டு' என்னும் சொல் அகப்படுகிறது. மழையில் பூட்டு என்றால் பூட்டு நனையும், அவ்வளவே. மழைக்குப் பூட்டு என்பது மந்திரக் கதையாகும். அதில் அவளுக்கு விருப்பமில்லை. மழையால் பூட்டு என்றதும் துரு நினைவுக்கு வருகிறது. துருவேறிய பூட்டில் சாவி திரும்பவில்லை. பெற்றோர் பணியிலிருந்து இன்னும் வரவில்லை. ஒரு சிறுமி நனைந்த பையோடு படிக்கட்டில் நிற்கிறாள். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி கிண்ணத்தில் கடுகெண்ணெய் கொண்டுவந்து பூட்டில் இரண்டு சொட்டு விடுகிறார். இதுவரை அவரோடு ஒருமுறையும் பேசியிராத சிறுமி, அவரை எப்படி அழைப்பது என்று தயங்குகிறாள். கட்டுரைக்கு உயிர் தருவது இத்தயக்கமே. பூட்டு அதற்கு வழிகாட்டியது, அவ்வளவுதான்.

அகராதிக்கு மாற்றாகப் பையில் கைவிட்டு முதலில் அகப்படும் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், கிடைத்ததை மாற்றுதல் கூடாது. 'பூட்டு' பிடிக்கவில்லையென்று மீண்டும் மீண்டும் அகராதியைத் திறப்பவர் இறுதியில் 'குடை'யில் வந்து நிற்பார். மழைக்கும் குடைக்கும் இடையே தொலைவு இல்லை. ஆதலால் பழைய வாக்கியங்களே திரும்ப வரும்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுத இயலாமல் ஒருவர் தவித்தால் அங்கே இம்முறை பயன்படாது. அவருக்குக் குறைவது செய்தி; அவர் திறக்கவேண்டியது அகராதியன்று, வரலாற்று நூல்.