அக்டோபரும் அக்டோபரும் ஒன்றல்ல

விற்பனைக் கூட்டங்களில் யாரும் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. போன அக்டோபரில் இவ்வளவு விற்றது, இந்த அக்டோபரில் இவ்வளவு விற்றது, வித்தியாசம்தான் வளர்ச்சி. செப்டம்பரோடு ஒப்பிட்டால் பருவம் குறுக்கே வரும், அதே மாதத்தோடு ஒப்பிட்டால் வராது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஜவுளிக்கடை முதலாளியிலிருந்து அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி மேலாளர் வரை எல்லோரும் இதை நம்புகிறார்கள். தீபாவளி வியாபாரத்தைப் பொறுத்தவரை இது தவறு. வளர்ந்த கடையைச் சரிந்ததாகவும், சரிந்த கடையை வளர்ந்ததாகவும் காட்டும் அளவுக்குத் தவறு.

தேதிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தீபாவளி 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் ஆகும். அதனால் பண்டிகை ஆண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சாங்கம் ஓர் அதிக மாதத்தைச் சேர்த்து அதைப் பின்னால் தள்ளுகிறது. 2023-இலும் 2026-இலும் நடப்பது அதுதான். இரண்டிலும் முந்தைய ஆண்டைவிட 19 நாள் தள்ளிப்போகிறது. ஆடியும் பொங்கலும் சூரியக் கணக்கில் வருவதால் இப்படி அலைவதில்லை. ஆடித் தள்ளுபடியை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் விடை சரியாக வரும். அங்கே சரியாக வந்த கணக்கை அப்படியே தீபாவளிக்கும் தூக்கிக்கொண்டு போவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

எவ்வளவு கோளாறு என்பதை ஒரு கற்பனைக் கடையை வைத்துப் பார்க்கலாம். சாதாரண நாளில் 1 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஜவுளிக்கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம், அடுத்த வாரம் 2 லட்சம், கடைசி வாரம் 4 லட்சம். பண்டிகையன்று விடுமுறை. பிறகு இரண்டு வாரம் கடை காற்று வாங்கும். தினம் அரை லட்சம்தான். 2022-இலும் 2023-இலும் வியாபாரம் இம்மியும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2022 அக்டோபர் விற்பனை 58 லட்சம் வரும். 2023 அக்டோபரில் வருவது 37.5 லட்சம். 35 சதவீதச் சரிவு! நவம்பரில் கதை தலைகீழ்: 26.5 லட்சம் 47 லட்சமாகிறது, 77 சதவீத வளர்ச்சி. இரண்டு மாதத்தையும் கூட்டினால் இரண்டு ஆண்டிலும் அதே 84.5 லட்சம். அக்டோபர் அறிக்கையைப் பார்த்து விற்பனைப் பிரிவு மேலாளரைக் கடிந்துகொண்டவரும், நவம்பர் அறிக்கையைப் பார்த்து அதே மேலாளருக்கு ஊக்கத்தொகை கொடுத்தவரும் பஞ்சாங்கத்தைத்தான் கடிந்துகொண்டார்கள், பஞ்சாங்கத்துக்குத்தான் பரிசளித்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், “காலாண்டாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமே” என்பது. சில்லறைக் கடைக்கு ஓரளவு சரியாகும். கடைக்குச் சரக்கு அனுப்பும் உற்பத்தியாளருக்கு ஆகாது. அவர் பண்டிகைக்கு ஐந்தாறு வாரம் முன்பே சரக்கை ஏற்றிவிடுகிறார். தீபாவளி அக்டோபர் 24 என்றால் அவருடைய உச்சம் செப்டம்பரில், அதாவது நிதியாண்டின் இரண்டாம் காலாண்டில். நவம்பர் 12 என்றால் அந்த உச்சத்தில் பெரும்பகுதி மூன்றாம் காலாண்டுக்குப் போய்விடும். தமிழ் மாதக் கணக்கும் கைகொடுக்காது. தீபாவளி எப்போதும் ஐப்பசியில்தான் வரும் என்பது உண்மை. ஆனால் 2025-இல் அது ஐப்பசி 3, 2023-இல் ஐப்பசி 26. ஒன்றில் துணி வியாபாரம் ஏறக்குறைய முழுவதும் புரட்டாசியில் முடிந்துவிட்டது, மற்றொன்றில் ஐப்பசியில் நடந்தது.

தீர்வு சிக்கலானதல்ல. தேதியை விட்டுவிட்டு, பண்டிகைக்கு எத்தனை நாள் முன், எத்தனை நாள் பின் என்று எண்ண வேண்டும். பில் போடும் மென்பொருளிலிருந்து நாள்வாரி விற்பனையை எக்செல்லில் இறக்கி, தேதிக்குப் பக்கத்தில் ஒரு புதிய பத்தியைச் சேருங்கள். 2025-க்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
=A2-DATE(2025,10,20)
```

பண்டிகை நாள் 0 ஆகும், முந்தைய நாட்கள் மைனஸில் வரும். அடுத்த ஆண்டின் தாளில் அந்த ஆண்டின் தீபாவளித் தேதியைப் போட்டு, −21 முதல் +14 வரையுள்ள நாட்களை அதே எண்ணுள்ள நாட்களோடு ஒப்பிடுங்கள். எந்த நாளில் தொடங்குவது என்பதை உங்கள் பேரேடுதான் சொல்ல வேண்டும். தினசரி விற்பனை வழக்கமான அளவைத் தாண்டும் முதல் வாரமே தொடக்கம். ஜவுளிக்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம். இனிப்புக்கும் பட்டாசுக்கும் கடைசிச் சில நாட்களே. ஆயுத பூஜையும் சந்திரக் கணக்கில்தான் நகர்கிறது என்பதால் அதுவும் இந்த ஒப்பீட்டுக்குள் தானாக ஒத்துவந்துவிடும். பண்டிகைக்கு வெளியே உள்ள நாட்களைத் தனியாகச் சராசரி எடுங்கள். கடையின் அடிப்படை வளர்கிறதா என்று காட்டுவது அந்தச் சராசரிதான். பண்டிகைக் கூட்டம் அதை மறைத்துவிடுகிறது.

ஒற்றை நாளை ஒற்றை நாளோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். 2025 தீபாவளி திங்கள்கிழமை, அதனால் முந்தைய நாள் ஞாயிறு. 2026-இல் தீபாவளியே ஞாயிறு, முந்தைய நாள் சனி. ஏழு ஏழு நாளாகச் சேர்த்தால் ஒவ்வொரு கட்டிலும் ஒரு ஞாயிறு நிச்சயம் இருக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. வாகன விற்பனையாளர் கூட்டமைப்பான ஃபாடா, நவராத்திரியின் முதல் நாளிலிருந்து 42 நாளைப் பண்டிகைக் காலமாக வைத்து விற்பனையை ஒப்பிடுகிறது. சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே அலைவதால் சீனப் புள்ளியியல் துறை சில்லறை விற்பனையில் அந்த இரு மாதங்களையும் சேர்த்தே வெளியிடுகிறது.

இப்படிச் சரிசெய்த பிறகும் ஒட்டிக்கொண்டு நிற்பவை சில உண்டு. நவம்பர் 12 தீபாவளிக்கு அக்டோபர் சம்பளம் கைக்கு வந்திருக்கும். அக்டோபர் 20 தீபாவளிக்குச் செப்டம்பர் சம்பளத்தையும் போனஸையும்தான் நம்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஆகவே தள்ளி வரும் தீபாவளியின் கடைசி வாரம் சென்னையில் மழையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். இவற்றை எந்தச் சூத்திரமும் எடுத்துவிடாது. அறிக்கையின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவைப்பதே நேர்மை.

“மாதம் ஏமாற்றினாலும் ஆண்டுக் கணக்கு ஏமாற்றாது” என்று ஆறுதல்படுகிறவர்களுக்கு ரம்ஜானைக் காட்ட வேண்டும். இஸ்லாமிய நாட்காட்டியில் அதிக மாதமே கிடையாது; பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னேறிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் 2024-இல் அது ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் 2024–25 நிதியாண்டுக்குள் இரண்டு பெருநாளும் விழுந்தன. 2025–26-க்குள் விழுந்தது ஒன்றுதான். பெருநாள் வியாபாரத்தை நம்பியிருக்கும் கடைக்காரரின் ஆண்டு விற்பனை குறைந்துவிட்டதென்று கடன் வரம்பைக் குறைக்கும் வங்கி, தேதியைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிறது.

2026 அக்டோபர் முடியும்போது ஜவுளிக்கடைகளில் சரிவைக் காட்டும் அறிக்கைகள் வரும். அவற்றை வைத்து யாருடைய ஊக்கத்தொகையையும் பிடிக்காதீர்கள், தீபாவளிச் சரக்குக் கொள்முதலையும் வெட்டாதீர்கள். அக்டோபர் 18 முதல் 31 வரையுள்ள விற்பனையை எடுத்து, 2025 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 12 வரை விற்றதோடு வைத்துப் பாருங்கள். 2026 அக்டோபர் 31-க்கு இணையான நாள் 2025 அக்டோபர் 12.