விண்ணப்பிக்கும் முன் வேலையைப் பார்க்கக் கேட்டால் என்ன தப்பு?

“அப்ளிகேஷனே போடல, அதுக்குள்ள ஒரு நாள் வந்து வேலையைப் பார்க்கட்டுமான்னு கேட்டா, அந்த மேனேஜர் அதோட உன் பேரைக் கழிச்சிருவார் தம்பி.” கோவையில் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சீனியர்கள் இப்படித்தான் புத்தி சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பம்பு பாடி வார்க்கும் நடுத்தர ஃபவுண்டரி ஒன்றில் குவாலிட்டி இன்ஜினியர் வேலை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

சந்தேகம் இருந்தால் இன்டர்வியூவில் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர்களின் முதல் வாதம். இன்டர்வியூ நடப்பது ஆபீஸ் அறையில். வேலை நடப்பது மணலிலும் புகையிலும். குவாலிட்டி என்றதும் வெர்னியரும் ரிப்போர்ட்டும்தான் நினைவுக்கு வரும். அங்கே காலை வேலை ரிஜெக்‌ஷன் குவியலில் தொடங்கும். ஒரு பம்பு பாடியில் வழவழப்பான சின்னக் குழிகள் தெரிகின்றன. வாயு சிக்கி உண்டான ப்ளோ ஹோல். மணலில் ஈரம் கூடிப்போனதா, கோர் சரியாகக் காயவில்லையா, காற்று வெளியேற வழி போதவில்லையா? இன்னொன்றில் விரிசல் போல ஒரு கோடு ஓடுகிறது. 1,400 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் ஊற்ற வேண்டிய இரும்பு, கடைசி மோல்டுக்குப் போவதற்குள் லேடிலிலேயே ஆறியிருக்கலாம். இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்த உலோகம் சந்தித்தும் ஒட்டவில்லை. மோல்டிங்காரர் ஃபர்னஸைக் குறை சொல்வார், ஃபர்னஸ்காரர் மணலைக் குறை சொல்வார். நடுவில் நின்று காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் சம்பளத்துக்குரிய வேலை. அந்த வாக்குவாதத்தையும் அந்தச் சூட்டையும் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவருக்கு, இது தனக்கு ஒத்துவருமா என்பது விளங்கிவிடும். எந்த இன்டர்வியூ கேள்வியும் அதைச் சொல்லித் தராது.

அடுத்தது, அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பது. எதை, எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது அது. ஒரு முழு நாள் என்றால் யாருக்கும் பாரம்தான். இரண்டு மூன்று மணி நேரம் போதும். மாதக் கடைசி டெஸ்பாட்ச் நெருக்கடியில் கேட்கக் கூடாது. மின்சாரத்துக்கு உச்ச நேரக் கட்டணம் உண்டு என்பதால் உருக்கும் நேரம் இடத்துக்கு இடம் மாறும். அதை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். இல்லையென்றால் அணைந்த ஃபர்னஸைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இப்படி எழுதினால் யார் கோபித்துக்கொள்வார்கள்:

“வணக்கம் சார். உங்கள் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். அதற்கு முன், மெட்டல் ஊற்றும் நேரத்தில் இரண்டு மணி நேரம் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கிடைக்குங்களா? போனை கேட்டிலேயே கொடுத்துவிடுகிறேன், சேஃப்டி ஷூவோடு வருகிறேன். தோதுப்படாவிட்டால் பரவாயில்லைங்க சார்.”

இந்த ஊருக்கு இது அந்நியமான யோசனையும் இல்லை. 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பில் பிள்ளைகள் வகுப்பிலும் பட்டறையிலுமாகத்தான் பயில்கிறார்கள். அந்த வழியில் வந்த மேனேஜருக்கு, தொழிலை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை வினோதமாகத் தெரியாது.

மூன்றாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது: பாதுகாப்பு, ரகசியம். உருகிய இரும்பு தெறிக்கும் இடத்தில் வெளியாள் நின்று காயம்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர். அதுவுமில்லாமல், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே வேலைக்கு வைக்கப்படுபவரைத் தொழிலாளி என்றே வரையறுத்தது. அதனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும்: பார்ப்பது மட்டும், கை வைப்பது இல்லை. “வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பீஸையெல்லாம் அளந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்று நாள் முழுக்க உட்காரவைத்தால் அது பார்வையிடல் அல்ல, கூலியில்லா வேலை. மரியாதையாக விலகிவிடலாம். ரகசியத்தைப் பொறுத்தவரை, கஸ்டமர் டிராயிங்கும் புதுப் பேட்டர்னும் நாம் பார்க்க வேண்டியவை அல்ல. ஊற்றும் இடமும் மணல் சோதனையும் ரிஜெக்‌ஷன் குவியலும் போதும்.

எல்லா இடத்திலும் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு கிளையண்டின் டேட்டா திரையில் ஓடும் ஐ.டி. அலுவலகத்தில் விண்ணப்பிக்காத ஒருவரை உள்ளே விட மாட்டார்கள். பெரிய ஆலைகளிலும் எச்.ஆர். விதி குறுக்கே நிற்கும். அங்கே தேர்வான பிறகு, சம்மதம் சொல்லும் முன் கேட்பதே பொருத்தம். முதலாளியே ஷெட்டில் நிற்கும் ஃபவுண்டரியிலும் பட்டறையிலும்தான் முன்கூட்டியே கேட்பது எளிது.

அங்கேயும் ‘முடியாது’ என்றால் வருத்தப்படாமல் விண்ணப்பத்தை அனுப்பலாம். கூடவே ஷிப்ட் சூப்பர்வைசரோடு பத்து நிமிடம் போனில் பேச மட்டும் அனுமதி கேட்டுப் பாருங்கள். அவரிடம் கேட்க வேண்டியது, “போன வாரம் ரிஜெக்ட் ஆனதுல எது அதிகம்ங்க, அதை யாரு கண்டுபிடிச்சாங்க?” என்பது. “குவாலிட்டி இன்ஜினியர்” என்று பதில் வந்தால் அங்கே அந்த வேலைக்கு இடம் இருக்கிறது. “முதலாளியே பார்த்துச் சொல்லிட்டாருங்க” என்றால், குவாலிட்டி இன்ஜினியர் அங்கே ரிப்போர்ட் மட்டும்தான் எழுதுகிறாரா என்று இன்டர்வியூவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.