டயட் சார்ட்டில் சாதி: மாட்டுக்கறிக்குத் தடை, நெய்க்கு அனுமதி

எங்கள் தெருவில் 58 வயதான கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வரும்போது கையில் ஒரு டயட் சார்ட் கொடுத்து அனுப்பினார்கள். 'அறவே கூடாது' என்ற கட்டத்தில் முதல் வரி மாட்டுக்கறி. அடுத்து ஆட்டுக்கறி, ஈரல், குடல். 'சேர்த்துக்கொள்ளலாம்' என்ற கட்டத்தில் பால், பனீர், நெய் 2 டீஸ்பூன். பால் எந்தப் பால், எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தத் தாளை நான் பலமுறை படித்தேன். இதயத்துக்கு எது கெடுதல் என்பதைவிட, எது 'சுத்தமான' சாப்பாடு என்பதைத்தான் அது பிரித்துக் காட்டுகிறது. இப்படிச் சொல்வதற்குக் காரணம் கோபம் மட்டுமல்ல, கணக்கும்தான்.

இதய நோயாளியின் உணவில் முதலில் குறைக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை ஏற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. எல்.டி.எல்.லைக் குறைக்க வேண்டியவர்கள், மொத்தக் கலோரியில் 6 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்று அமெரிக்க இதயச் சங்கம் சொல்கிறது. நாளுக்கு 1800 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 12 கிராம். இந்த 12 கிராமை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அவர் வீட்டுச் சாப்பாட்டை அளந்து பார்ப்போம்.

நோய்க்கு முன்பு அவர் மாட்டுக்கறி சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சுமார் 150 கிராம். கொழுப்பு நீக்கிய தொடைக்கறியாக இருந்தால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமுக்குள் அடங்கும். எருமைக்கறியில் இன்னும் குறைவு. வெள்ளைக் கொழுப்போடு சேர்ந்த நெஞ்சுக்கறியாகவே இருந்தாலும் சுமார் 12 கிராம். ஒரு வாரம் முழுவதற்கும் மாட்டுக்கறியால் உடம்பில் சேர்ந்தது அவ்வளவுதான்.

சார்ட் வந்த பிறகு கறி நின்றது. உடம்பு தேற வேண்டுமே என்று வீட்டில் கொழுப்பு நிறைந்த பாக்கெட் பால் வாங்கினார்கள். அதில் கொழுப்பு 6 சதவீதம். நாளுக்குக் கால் லிட்டர் குடித்தால் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 9 கிராம். சார்ட் அனுமதித்த நெய் 2 டீஸ்பூனில் இன்னொரு 6 கிராம். நாளுக்கு 15, வாரத்துக்கு 105 கிராம். வாரத்துக்கு 5 கிராம் தந்ததை நிறுத்திவிட்டு 105 கிராம் தருவதை உள்ளே விட்டிருக்கிறது அந்தத் தாள். மறு பரிசோதனையில் எல்.டி.எல். எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "மறைவா மாட்டுக்கறி சாப்பிட்டீங்களா?" நெய்யைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரேஷன் பாமாயிலைப் பற்றியும் கேட்கவில்லை. அதில் நூற்றில் 40 பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஏழை வீட்டின் தாளிப்பும் பொரியலும் அந்த எண்ணெயில்தான் நடக்கின்றன.

நம் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாட்டுக்கறி நம் உரிமை என்பதால் அது எவ்வளவு தின்றாலும் மருந்து என்று மேடையில் பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு நம் மக்களுக்கு உதவாது. சிவப்பு இறைச்சி சாப்பிடுகிறவர்கள் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் பரிந்துரைக்கிறது. குடல் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பே காரணம். ஆட்டுக்கறிக்கும் இதே அளவுதான். வாரத்துக்கு மூன்று வேளை, வேளைக்குச் சமைத்த கறி 100 கிராமுக்குச் சற்று மேல். இதய நோயாளிக்கு இதிலும் குறைவாகவே, கொழுப்பில்லாத பகுதியாக.

கொழுப்பைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தொடைக்கறியில் வெள்ளைக் கோடுகள் குறைவாக இருக்கும். மடியும் நெஞ்சும் கொழுப்பானவை. கறியை வேகவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மேலே வெள்ளைத் தகடாக உறைந்து நிற்கும். அதை வழித்து எறிந்துவிட்டு, 2 டீஸ்பூன் கடலை எண்ணெயில் தாளித்தால் போதும். அந்தக் கொழுப்பை உருக்கி அதிலேயே வறுப்பதுதான் கறியை இதயத்துக்குப் பகையாக்குகிறது.

ஈரலையும் குடலையும் ஒரே வரியில் தள்ளியது இன்னொரு தவறு. தொடைக்கறி யாருக்குப் போனது, குடலும் ஈரலும் ரத்தமும் யாருக்குக் கிடைத்தது என்பது சாதியின் வரலாறு. அதிலிருந்து நம் அம்மாக்கள் சத்தைப் பிழிந்தெடுத்தார்கள். ஈரலில் நிறைவுற்ற கொழுப்பு 100 கிராமுக்கு 2 கிராம்கூட இல்லை. இரும்பும் பி12 வைட்டமினும் நிறைய. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில், ஈரலைக் குப்பையைப் போல ஒதுக்குவது அறிவல்ல. ஆனால் ஈரலில் கொலஸ்ட்ரால் அதிகம், 100 கிராமுக்குச் சுமார் 300 மில்லிகிராம். ஆகவே இதய நோயாளிக்கு எப்போதாவது ஒருமுறை, 50 கிராம் அளவில். வைட்டமின் ஏ மிகுந்திருப்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்களுக்கும் ஆகாது. குடலைப் பொறுத்தவரை அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கத்தியால் நீக்கிவிட்டால் பெரும் சிக்கல் இல்லை. மூளை மட்டும் முழுத் தடைக்குரியது. அதன் கொலஸ்ட்ரால் 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும்.

உண்மையில் 'அறவே கூடாது' கட்டத்தில் இருந்திருக்க வேண்டியது அந்தத் தாளிலேயே இல்லை. சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சிகள். உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இவற்றைப் புற்றுநோயை உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்றது. சிவப்பு இறைச்சியை அதற்குக் கீழே, 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில்தான் வைத்தது. சிக்கன் சாசேஜ் என்று எழுதியிருந்தால் அது தப்பிவிடாது. நம் உப்புக்கண்டமும் உப்பில் பதப்படுத்தியதுதான். பஞ்ச காலத்துக்குச் சேமித்த சாப்பாடு அது. ரத்தக் கொதிப்பு உள்ளவர் அதை நினைவுக்காக ஒரு துண்டு தின்னலாம், தினக் கறியாக்கக் கூடாது.

ஆகவே நான் கேட்பது மாட்டுக்கறிக்குச் சலுகை அல்ல. சார்ட் எழுதுகிறவர் 'சைவமா அசைவமா' என்ற கேள்வியோடு பேனாவை மூடிவிடக் கூடாது. எந்தக் கறி, எந்தப் பகுதி, எத்தனை கிராம், வாரத்தில் எத்தனை நாள், எந்த எண்ணெய் என்று கேட்க வேண்டும். பாலையும் நெய்யையும் தேங்காயையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். தேங்காய் எல்லாச் சாதி வீட்டிலும்தான் அரைபடுகிறது, அதற்கும் விலக்கு வேண்டாம். நோயாளிகளும் தங்கள் தட்டில் இருப்பதைக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் மாட்டுக்கறியை மறைத்துப் பேசும் நிலை இருக்கும்வரை அவர் எழுதுகிற சார்ட் இல்லாத ஒருவருக்கான சார்ட்தான். அந்தக் கூச்சத்தை நம் மீது ஏற்றியது சாதி. இறக்கிவைக்க வேண்டிய பொறுப்பு மருத்துவத்துக்கும் உண்டு.